"சளியை எடுத்து உட்டுருங்க" என்று கேட்கிறவர்களுக்கு

இந்தப் பனிக்காலத்தில் இது நாலாவது ஆள். அதனால் கொஞ்சம் சூடாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாராபுரம் பக்கம் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கும் 71 வயதுக்காரர். வெங்காயக் காட்டுக்கு ராத்திரித் தண்ணீர் கட்டப் போய் வந்த மறுநாள் உடம்பு தூக்கிப்போடுகிற மாதிரி குளிர்க்காய்ச்சல். மூச்சை இழுத்தால் வலது விலாவில் சுருக்கென்று குத்தல். "பனி அடிச்சிருச்சு" என்று முடிவு கட்டிவிட்டார்கள். மருந்துக்கடையில் மூன்று நாளைக்கு செட் மாத்திரை, தூதுவளை ரசம், நெஞ்சில் கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய். காய்ச்சல் இறங்கியது. நாலாம் நாள் ராத்திரி, எப்போதோ விற்றுவிட்ட எருதுகளுக்குச் சோளத்தட்டு போட்டாச்சா என்று கேட்டிருக்கிறார். வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டார்கள். ஐந்தாம் நாள் காலையில் காரின் பின் சீட்டில் சாய்த்துக் கூட்டிவந்தார்கள்.

"ஏனுங்க டாக்டர், எங்க மாமாவுக்கு நெஞ்சுல சளி கட்டிக்கிச்சுங்க. நெபுலைசர் வெச்சு அதை எடுத்து உட்டுட்டீங்கன்னா நாங்க கூட்டிட்டுப் போயிருவோம்" என்றார் மருமகள். நான் அவரைப் பார்க்காமல் பெரியவரின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடத்துக்கு 34 மூச்சு. நாடி 118. காய்ச்சல் வெறும் 99. விரலில் மாட்டிய ஆக்சிமீட்டரில் 86.

சளி கட்டவில்லை. அவருக்கு நிமோனியா. இரண்டும் ஒன்றில்லை என்பதைத்தான் பதினைந்து வருடமாகத் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மூச்சுக்குழாய் ஒரு மரம் மாதிரி கிளை பிரிந்து பிரிந்து போய், கடைசியில் கண்ணுக்குத் தெரியாத காற்றுப்பைகளில் முடிகிறது. ஒவ்வொன்றும் கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. எண்ணிக்கை முப்பது கோடிக்கு மேல். எல்லாவற்றையும் பிரித்து விரித்தால் 700, 750 சதுர அடி வரும், ஒரு சின்ன வீட்டின் தரை அளவு. அந்தப் பையின் சுவருக்கு ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் ரத்தம். நாம் பேச்சுவழக்கில் சொல்கிற சளி ஊறுவது குழாய்களில். அதைக் காறித் துப்பலாம், இருமித் தள்ளலாம். நிமோனியா நடக்கிற இடம் பைகள். அங்கே கிருமி போய்ச் சேர்ந்ததும் பையைச் சுற்றியுள்ள ரத்த நாளங்கள் கசிகின்றன. ரத்தத்தின் நீர்ப்பகுதியும், கிருமியோடு சண்டை போட வந்த வெள்ளை அணுக்களும், புண்ணில் பொருக்குக் கட்ட உதவுகிற அதே நார்ப்பொருளும் பைக்குள் நிறைந்து கெட்டிப்படுகின்றன. பஞ்சு மாதிரி இருந்த நுரையீரல் அந்த இடத்தில் ஈரல் மாதிரி ஆகிவிடுகிறது. இது என் உவமை இல்லை. பழைய மருத்துவப் புத்தகங்களில் இந்த நிலைக்குப் பெயரே 'ஈரலாதல்' என்று பொருள்படும் சொல்தான்.

கெட்டிப்பட்டுப்போன இதை எந்தக் குழாய் விட்டு, எந்தப் புகை வைத்து நான் எடுப்பேன்? நெபுலைசர் மருந்தின் முக்கிய வேலை சுருங்கிய குழாயை விரிப்பது. ஆஸ்துமாக்காரருக்கு அது உயிர் காக்கும். நிமோனியாவில் குழாய் திறந்துதான் இருக்கிறது. (இந்த நம்பிக்கை வளர்ந்ததில் எங்கள் ஆட்களுக்கும் பங்கு உண்டு. யார் வந்து இருமினாலும் மாஸ்க்கை மாட்டிப் புகை விட்டால் வந்தவர்களுக்குத் திருப்தி, பில்லிலும் ஒரு வரி கூடும்.)

நான் சொல்வதை நம்ப வேண்டாம், எக்ஸ்ரேயை நம்புங்கள். படத்தில் காற்று கறுப்பு, நீரும் சதையும் வெள்ளை. பெரியவரின் படத்தில் வலது பக்கம் கீழ்ப்பகுதி முழுக்க வெள்ளைத் திட்டு. அந்த வெள்ளைக்கு நடுவில் இலையுதிர்ந்த மரக்கிளை மாதிரி கறுப்புக் கோடுகள் ஓடின. மருமகளை விளக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினேன். "இந்தக் கறுப்புக் கோடெல்லாம் குழாய், அம்மிணி. உள்ளே காற்று இருக்கிறதால் கறுப்பாகத் தெரிகிறது. சுத்தி இருக்கிற வெள்ளைதான் நிறைஞ்சுபோன பைகள். சளி அடைச்சிருந்தால் இந்தக் கோடு தெரிந்திருக்குமா?" அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப ஊசி குத்தி நீரை எடுப்பாங்களே, அதுங்க?" என்றார். நல்ல கேள்வி. அது நுரையீரலுக்கு வெளியே, நெஞ்சுக்கூட்டுக்கும் அதற்கும் நடுவில் தேங்குகிற நீர். நிமோனியாவின் கூடவே அது வரலாம், சீழாகக்கூட மாறலாம். மருந்து கொடுத்தும் காய்ச்சல் விடாவிட்டால் அதைத் தேடுவோம். பைகளுக்குள் இருப்பதை ஊசியால் எடுக்க முடியாது. கிருமியை மருந்து கொன்ற பிறகு, உடம்பே அதைக் கரைத்து, தின்று, உறிஞ்சிக்கொள்ள வேண்டும்.

எக்ஸ்ரேக்கு முன்பே காது சொல்லிவிடும், பல நேரம். திருஷ்டி சுற்றி உப்பை அடுப்பில் போட்டால் படபடவென்று வெடிக்குமே, அந்தச் சத்தத்தை ரொம்ப மெல்லியதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்த பிரெஞ்சு மருத்துவர் லென்னெக்கும் 1819-இல் சூடான சட்டியில் வெடிக்கும் உப்பைத்தான் உதாரணமாக எழுதினார். ஈரத்தில் ஒட்டிக்கிடக்கும் நுண்ணிய குழல்கள், மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒவ்வொன்றாகப் 'பட்'டென்று திறக்கிற சத்தம் அது. இருமச் சொல்லிவிட்டு மறுபடி கேட்பேன். இருமியதும் மறைந்தால் அது குழாய்ச் சளி. இருமியும் அதே இடத்தில் அப்படியே கேட்டால் கவலை. பெரியவருக்கு வலது முதுகின் கீழே, திட்டின் ஓரங்களில் அது கேட்டது. நடுவில் கேட்கவில்லை. அங்கே பைகள் முழுக்க நிறைந்துவிட்டதால் திறப்பதற்கு எதுவும் இல்லை. அதற்குப் பதில், தொண்டையில் கேட்க வேண்டிய ஊதல் மூச்சு முதுகில் கேட்டது. தட்டிப் பார்த்தால் தண்ணீர் நிறைந்த இளநீர்க் காய் மாதிரி மந்தமான சத்தம். இதயம் பலவீனமானவர்களுக்கும் இந்த வெடிப்புச் சத்தம் வரும், ஆனால் பெரும்பாலும் இரண்டு பக்கமும். ஆகவே காது மட்டும் போதாது.

இப்போது ஆக்சிமீட்டர். கொரோனா காலத்தில் வாங்கியது பாதி வீடுகளில் இன்னும் இருக்கிறது. மூன்றாம் நாள் இவருக்கும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். "94 காட்டுச்சுங்க, அதனாலதான் பேசாம இருந்துட்டோம்." கோபம் வந்துவிட்டது எனக்கு. அந்த 94-ஐ அவர் சும்மா வைத்திருக்கவில்லை. மூச்சை இரட்டிப்பாக்கி, நெஞ்சுத் தசையெல்லாம் உழைத்துத் தாங்கிப் பிடித்திருக்கிறார். ரத்தத்தில் ஆக்சிஜன் கணிசமாகக் குறைகிற வரைக்கும் மீட்டரில் எண் மெதுவாகத்தான் இறங்கும். 90-க்குக் கீழே போனால் சரசரவென்று சரியும். ஆகவே 94-ஐப் பார்த்தால் கூடவே மூச்சையும் எண்ண வேண்டும். விரல் ஜில்லென்று இருந்தாலும், நகப்பூச்சு இருந்தாலும் எண் தப்பாக வரும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, நாடித்துடிப்பு எண் நிலையாக நின்ற பிறகு பாருங்கள்.

முதலில் ஆக்சிஜன் மாஸ்க் மாட்டி எட்டு லிட்டர் வைத்தோம். 86 ஏறி 91-இல் நின்றுவிட்டது. "ஆக்சிஜன் குடுத்தும் ஏறலைங்களே, மெஷின் கோளாறுங்களா?" என்றார் மகன். மெஷின் நன்றாகத்தான் இருந்தது. நிறைந்துபோன பையைச் சுற்றி ஓடும் ரத்தம் காற்றையே பார்க்காமல் திரும்பிவிடுகிறது. நல்ல பைகளில் ஏறும் ஆக்சிஜன் அந்த ரத்தத்தோடு கலந்து சராசரியாகிவிடுகிறது. அடைத்துப்போன மதகுக்கு மேலே எவ்வளவு தண்ணீர் விட்டாலும் அந்த வயலுக்குப் பாயாது, அவ்வளவுதான். ஆக்சிஜன் நேரம் வாங்கித் தரும். குணப்படுத்த வேண்டியது ஆன்டிபயாடிக்.

65 தாண்டிய வயது, நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டிய மூச்சு, புத்தித் தடுமாற்றம். மூன்றும் சேர்ந்தால் வீட்டில் வைத்துப் பார்க்கும் பேச்சே கிடையாது. முதல் ஊசி மருந்தை நரம்பில் போட்டு, 108-ஐக் கூப்பிட்டு, ஆக்சிஜனோடு கோயமுத்தூருக்கு அனுப்பினேன். பிழைத்துக்கொண்டார். இதே மாதம் வந்த இன்னொருவர் பிழைக்கவில்லை. அவருக்கும் செட் மாத்திரைதான்.

அந்த செட் மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. பல செட்டுகளில் ஒரு குட்டி ஸ்டீராய்டு ஒளிந்திருக்கும். காய்ச்சலை அமுக்கும், பசி எடுக்க வைக்கும், 'தேறிட்டார்' என்று வீட்டை ஏமாற்றும். உள்ளே பைகள் நிறைந்துகொண்டே இருக்கும். காய்ச்சல் இறங்கியும் மூச்சு வேகம் இறங்காவிட்டால் அது தேறியது அல்ல.

ஏழாம் நாள் கோயமுத்தூரில் எடுத்த படத்தைப் பெரியவரின் மகன் செல்போனில் அனுப்பி, "வெள்ளை அப்படியே இருக்குதுங்க, மருந்து கேட்கலைங்களா?" என்று பதறினார். காய்ச்சல் போய்விட்டது, மூச்சு 20, ஆக்சிஜன் மாஸ்க் இல்லாமலே 95, எருதுகளைத் தேடுவதும் நின்றுவிட்டது. நோயாளி தேறிவிட்டார், படம்தான் பின்னால் வருகிறது. வயதானவர்களுக்கு அந்த வெள்ளை கரைய ஆறு வாரம், சில சமயம் மூன்று மாதம்கூட ஆகும். நன்றாக இருக்கிறவருக்கு இரண்டு நாளைக்கு ஒரு எக்ஸ்ரே, அப்புறம் ஒரு சிடி என்று அலைய வேண்டாம். ஆனால் ஆறு வாரம் கழித்து ஒரு படம் கட்டாயம், அதிலும் பீடி குடித்தவர்களுக்கு. கரையாத திட்டுக்குப் பின்னால் கட்டி இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்யுங்கள், அரசு மருத்துவமனையில் காசில்லை.

வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, அதற்கு மெஷின் தேவையில்லை. தூங்கும்போதோ சும்மா உட்கார்ந்திருக்கும்போதோ, அவருக்குத் தெரியாமல், முழுசாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்காதீர்கள். பெரியவர்களுக்கு 24 தாண்டினால் அன்றைக்கே வாருங்கள், 30 என்றால் அந்த நிமிடமே. குழந்தை அழாதபோது எண்ண வேண்டும்: இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. அதைத் தொட்டாலோ, மூச்சிழுக்கையில் விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ காத்திருக்காதீர்கள். வயதானவர்களுக்குக் காய்ச்சலோ இருமலோ இல்லாமல் திடீர்க் குழப்பம் மட்டுமே வரலாம், அதற்கும் வாருங்கள். குழந்தைக்கு 6 வாரம், 14 வாரம், 9 மாதத்தில் போடும் நிமோனியா தடுப்பூசி அரசு அட்டவணையிலேயே இலவசமாக இருக்கிறது. பெரியவர்களுக்கு எது வேண்டும் என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். தூதுவளை ரசம் தாராளமாகக் குடியுங்கள், எனக்கும் பிடிக்கும்.

பெரியவர் ஏழாவது வாரம் படத்தோடு வந்தார். வலது கீழ்ப்பக்கம் கறுத்துவிட்டது, மூலையில் மட்டும் லேசான ஒரு கீற்று. மருமகள் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "கோடு எல்லாம் தெரியலைங்களே?" என்றார். சுற்றிலும் கறுப்பாகிவிட்டால் குழாயின் கறுப்பு தனியாகத் தெரியாது என்றேன். சரிங்க என்று சொல்லிவிட்டு, "இவரு பொழுதன்னைக்கும் மூச்சு எண்ணச் சொல்லி என்னைத் தொந்தரவு பண்றாருங்க" என்று மாமனாரைக் கைகாட்டினார்.