அரசி சொன்னதும் அரசு செய்ததும்: 1858 பிரகடனத்தைப் படிப்பது எப்படி?

1858 நவம்பர் 1 அன்று அலகாபாத்தில் கவர்னர் ஜெனரல் கானிங் பிரபு விக்டோரியா அரசியின் பிரகடனத்தை வாசித்தார். கம்பெனி ஆட்சி போய் அரசியின் ஆட்சி வந்த நாள் அது. பிரகடனத்தில் இருந்த முக்கியமான உறுதிகளில் ஒன்று: எந்த இனத்தவரானாலும், எந்த மதத்தவரானாலும், கல்வியும் திறமையும் நேர்மையும் இருந்தால், இயன்ற வரையில் பாரபட்சமின்றி அரசுப் பணியில் சேர்க்கப்படுவார்கள்.

இந்த வரியை வைத்து, 1858க்குப் பிறகு இந்தியர்களுக்கு உயர் பதவிகள் திறந்துவிடப்பட்டன என்று எழுதிவிடலாம். அப்படி எழுதியவர்களும் உண்டு. ஆனால் பிரகடனம் எதற்கு நேரடிச் சான்று? அன்று அரசு தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பியது என்பதற்குத்தான். முதல் வரைவு அரசிக்குப் பிடிக்கவில்லை. இரத்தம் சிந்திய ஒரு போருக்குப் பின் கீழ்த்திசை மக்கள் கோடிக்கணக்கானோரிடம் ஒரு பெண் அரசி பேசுகிறாள் என்பதை மனதில் வைத்து, பெருந்தன்மையும் மதச் சகிப்பும் தெரிய எழுதும்படி பிரதமர் டெர்பியிடம் கேட்டுக்கொண்டார். அதாவது, கேட்பவர்களை அமைதிப்படுத்தத் திட்டமிட்டுத் திருத்தி எழுதிய உரை அது.

சரி, செயலை எங்கே தேடுவது? உறுதிமொழி உண்மையாக நிறைவேறியிருந்தால் அது எங்கெல்லாம் தடம் விட்டிருக்கும் என்று முதலில் யோசிக்க வேண்டும். பதவி தருவது என்றால் அதற்குத் தேர்வு விதிகள் இருக்கும், தேர்ச்சிப் பட்டியல் இருக்கும், நீக்கப்பட்டவர்களின் வழக்கும் இருக்கும். இவற்றைப் பொதுமக்களின் மனம் குளிர வேண்டும் என்று யாரும் எழுதுவதில்லை.

இந்தியன் சிவில் சர்வீஸ் தேர்வு லண்டனில் மட்டுமே நடந்தது. கப்பல் செலவு, ஆங்கிலப் பள்ளிப் பாடங்கள், கடல் கடந்தால் சாதி விலக்கு. இத்தனையையும் தாண்டி 1863இல் சத்தியேந்திரநாத் தாகூர் தேர்ச்சி பெற்றார். முதல் இந்தியர் அவர்தான். வயது வரம்பைப் பாருங்கள்: 1855இல் 23 ஆக இருந்த உச்ச வயது, 1866இல் 21 ஆனது, 1878இல் 19 ஆனது. கல்கத்தாவிலோ சென்னையிலோ படிக்கும் ஒரு பையன் 19 வயதுக்குள் லண்டன் போய், ஆங்கிலேய மாணவர்களோடு அவர்கள் மொழியில் போட்டியிட வேண்டும். 1869இல் தேர்ச்சி பெற்ற சுரேந்திரநாத் பானர்ஜியை வயது கடந்தவர் என்று பட்டியலிலிருந்தே நீக்கினார்கள். நடப்பு வயதைச் சொல்லும் நம் ஊர் வழக்கப்படி பதிவான வயதுதான் குழப்பத்துக்குக் காரணம். அவர் நீதிமன்றம் போய்த்தான் இடத்தை மீட்டார்.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. விதிகள் விளைவைக் காட்டும், நோக்கத்தைக் காட்டாது. இளம் வயதில் ஆள் எடுத்துப் பிறகு பயிற்சி தருவது நல்லது என்று வயதுக் குறைப்புக்கு வேறு காரணமும் சொன்னார்கள். நோக்கத்தை அறிய உள்ளுக்குள் எழுதிக்கொண்ட கடிதங்கள் வேண்டும்.

அப்படி ஒன்று கிடைத்திருக்கிறது. 1878இல் வைஸ்ராய் லிட்டன் எழுதிய இரகசியக் குறிப்பு. இந்தியர்களின் எதிர்பார்ப்பு நிறைவேறாது என்பது எல்லோருக்கும் தெரியும், அவர்களை வெளிப்படையாகத் தடுப்பதா, ஏமாற்றுவதா என்ற இரண்டில் நேர்மை குறைந்த வழியையே தேர்ந்தெடுத்தோம் என்று அதில் ஒப்புக்கொள்கிறார். லண்டன் தேர்வையும் வயதுக் குறைப்பையும், பதவிகளில் பேதம் கூடாது என்ற 1833ஆம் ஆண்டுச் சட்டத்தைச் செல்லாக்காசாக்க வேண்டுமென்றே செய்த தந்திரங்கள் என்றே குறிப்பிடுகிறார். பின்னாளில் தாதாபாய் நௌரோஜி இதையே ஆதாரமாக எடுத்துக்காட்டினார்.

ஆனால் இரகசியம் என்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. இந்தியர்களுக்கு லண்டன் தேர்வின் வழியையே மூடிவிட்டு, தனியாகக் கீழ்நிலைப் பணி ஒன்றை உருவாக்க வேண்டும் என்று லிட்டன் வாதாடிக்கொண்டிருந்தார். பழைய ஏற்பாடு மோசடி என்று காட்டுவது அவர் வாதத்துக்கு உதவியது. எனவே அவர் சொல்லை மட்டும் நம்பாமல் விதிகளோடும் தேர்ச்சிப் பட்டியலோடும் ஒப்பிடுகிறோம். மூன்றும் ஒரே பக்கம் சாய்கின்றன என்பதால்தான், பதவி உறுதி காப்பாற்றப்படவில்லை என்ற தீர்ப்பு எனக்கு உறுதியாகத் தெரிகிறது.

இதை வைத்துப் பிரகடனம் முழுவதும் பொய் என்று முடிவு கட்டினால் அதுவும் தவறு. ஒவ்வொரு உறுதியையும் தனித்தனியாகத்தான் சோதிக்க வேண்டும். இருக்கும் எல்லைகளை விரிவாக்க விரும்பவில்லை, சுதேச மன்னர்களின் உரிமைகளை மதிப்போம் என்றும் பிரகடனம் சொன்னது. வாரிசு இல்லை என்று சமஸ்தானங்களைப் பறிக்கும் வழக்கம் உண்மையிலேயே நின்றது. தத்தெடுக்கும் உரிமையை ஏற்று மன்னர்களுக்கு சனதுகள் எனும் உரிமைப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. 1831 முதல் ஆங்கிலேயர் நிர்வாகத்தில் இருந்த மைசூர் 1881இல் உடையார் குடும்பத்திடம் திரும்பியது. 1857இல் மன்னர்களின் ஆதரவு எவ்வளவு பயன்பட்டது என்பதை அரசு பார்த்திருந்தது. இந்த வாக்கைக் காப்பது அதற்கே லாபம். அதே பத்தியில் இருந்த எல்லை உறுதியோ நிற்கவில்லை: 1885இல் படை மேல் பர்மாவுக்குள் நுழைந்தது, 1886 ஜனவரி 1 அன்று அது பேரரசோடு இணைக்கப்பட்டதாக இன்னொரு பிரகடனம் வெளியானது.