அழிக்கப்பட்ட மின்னஞ்சலில் எவ்வளவு திரும்ப வரும்?

கானாடுகாத்தானில் தன் பழைய வீட்டின் இரண்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடும் ஆச்சி ஒருவர், செவ்வாய்க்கிழமை காலை காரைக்குடியில் என் கடைக்கு வந்தார். "தம்பி, மெயில் திறக்கவே மாட்டேங்குது. மார்கழிக்கு வர்றவங்க எழுதுனதெல்லாம் அதுலதான் இருக்கு" என்றார். முன்பதிவைச் சரிபார்ப்பதாகச் சொன்ன யாரோ ஒருவரிடம், ஞாயிறன்று செல்போனுக்கு வந்த குறியீட்டு எண்ணைச் சொல்லியிருக்கிறார்.

கடைக் கணினியில் நான் முயலவில்லை. பழகிய கருவி, பழகிய இடம் என்றால்தான் ஜிமெயில் எளிதில் நம்பும். அதனால் ஆச்சியோடு வீட்டுக்கே போய், அவர் செல்போனில், வீட்டு வைஃபையில் g.co/recover பக்கத்தைத் திறந்தோம். திருடன் மீட்பு எண்ணை மாற்றியிருந்தான். ஆனால் மாற்றிய பின்னும் 7 நாள் வரை பழைய எண்ணையே மீட்புக்குப் பயன்படுத்த வழி உண்டு. அன்று மூன்றாம் நாள்தான். குறியீடு ஆச்சியின் எண்ணுக்கே வந்தது.

உள்ளே போனால் இன்பாக்ஸ் காலி. பதறித் தேடத் தொடங்குவதற்கு முன் கதவுகளை அடைக்க வேண்டும். கடவுச்சொல்லை மாற்றி, தெரியாத கருவிகளை வெளியேற்றி, இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டோம். அப்புறம் கணினியில் ஜிமெயில் அமைப்புகளில் ஃபில்டர்களைப் பார்த்தேன். "booking" என்ற சொல் உள்ள கடிதமெல்லாம் நேரே குப்பைக்குப் போகும்படி ஒன்று இருந்தது. அதை விட்டிருந்தால் புதிதாக வருவதும் காணாமல் போய்க்கொண்டே இருக்கும். யாருக்காவது கடிதங்கள் தானாகத் திருப்பி அனுப்பப்படுகின்றனவா என்றும் அங்கேயே பார்க்கலாம்.

அழித்த கடிதம் குப்பையில் 30 நாள் இருக்கும். தேடலில் in:trash என்று போட்டால் தெரியும், அங்கிருந்து எடுத்துவிடலாம். ஆச்சி விஷயத்தில் குப்பையையும் துடைத்திருந்தான். அதற்கும் ஒரு வழி உண்டு. வேறொருவர் கணக்கில் நுழைந்து அழித்திருக்கலாம் என்றால், ஜிமெயில் உதவிப் பக்கத்தில் காணாமல் போன கடிதங்களை மீட்கக் கோரும் படிவம் இருக்கிறது. அன்றே அதை நிரப்பினோம். எல்லாம் வரும் என்று உறுதி கிடையாது. தாமதித்தால் வாய்ப்பு இன்னும் குறையும். நிறுவனத்தின் வொர்க்ஸ்பேஸ் கணக்காக இருந்தால், குப்பையிலிருந்தும் அழிந்த பிறகு 25 நாள் வரை அதன் நிர்வாகி மீட்டுத் தர முடியும். ஆச்சியுடையது சாதாரணக் கணக்கு.

பெரும்பகுதி வந்தது, சில வரவில்லை. நல்லவேளை, பேரனின் பழைய டேப்லெட் பல நாளாக அணைந்தே கிடந்தது. இணையம் கிடைத்த நிமிடமே அதிலும் கடிதங்கள் அழிந்துவிடும் என்பதால், முதலில் வைஃபை ரூட்டரை அணைக்கச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் அதைத் திறந்தேன். அதில் சேமித்து வைத்திருந்த கடிதங்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக்கொண்டோம். அதிலும் இல்லாத இரண்டு முன்பதிவுகளுக்கு, விருந்தினர்களுக்கே எழுதி அவர்களிடம் இருந்த பிரதியை அனுப்பச் சொன்னார் ஆச்சி.