பண்ணைக்குட்டைத் தண்ணீர் எங்கே போகிறது? ஒரு குச்சி நட்டுப் பாருங்கள்

கொடைக்கானல் மலையில் பண்ணைக்காட்டுப் பக்கம் அரை ஏக்கர் மானாவாரி பீன்ஸ் வைத்திருப்பவர் ஒருவர் 30 அடிக்கு 30 அடி, ஆறடி ஆழத்தில் குட்டை வெட்டியிருந்தார். டிசம்பர் பத்தாம் தேதி வாக்கில் நிரம்பித் ததும்பியது. நவம்பர் கடைசியில் விதைத்த பீன்ஸ் ஜனவரி முதல் வாரம் பூவெடுக்கும்போது மழை நின்றுவிடும், வெயில் ஏறினால் பூ உதிரும், அந்த நேரத்துக்குத்தான் இந்தத் தண்ணீர். மாதம் முடிவதற்குள் குட்டை பாதிக்கு இறங்கிவிட்டது. "வெயில் குடிச்சிருச்சு சார்" என்றார்.

வெயில் அவ்வளவு குடிக்காது. அந்தக் குளிரில் ஒரு நாளைக்கு ஆவியாவது அரைக்கால் அங்குலம், கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். இதைத் தெரிந்துகொள்ள ஒரு மூங்கில் குச்சியில் அங்குலக் கோடு போட்டுக் குட்டைக்குள் நட்டு, மழையில்லாத நாள்களில் காலையில் ஒரே நேரத்தில் நான்கு நாள் பார்த்தால் போதும். அவர் மறுபடி நினைவுபடுத்திச் சொன்ன கணக்கில் 18 நாளில் 36 அங்குலம், அதாவது நாளுக்கு இரண்டு அங்குலம் இறங்கியிருக்கிறது. நிரம்பிய நிலையில் அந்தக் குட்டையில் ஒரு அங்குலம் என்பது சுமார் 2,100 லிட்டர்!

நான் போய்க் குச்சி நட்டபோது இறக்கம் கால் அங்குலத்துக்கும் கீழே வந்துவிட்டது. இங்கேதான் விஷயம். வேகமாக இறங்கிவந்த மட்டம் ஓர் உயரத்தில் வந்து அடங்கிவிட்டது என்றால், கசிவு அந்த உயரத்துக்கு மேலே இருக்கிறது, அடியில் இல்லை. சரிவு நிலத்தில் குட்டையின் மேட்டுப்பக்கம் வெட்டிய மண், பள்ளத்துப்பக்கம் கொட்டிய மண். கொட்டிய கரை மேல் மூன்றடிக்கு நிற்கிறது, தண்ணீரும் சரியாக மூன்றடிதான் போயிருக்கிறது. கரைக்கு வெளியே இறங்கிப் பார்த்தால் புல் மட்டும் பச்சையாக, கால் வைத்தால் சொதசொதவென்று ஒரு இடம். அங்கே வந்த நீர் தெளிவாக இருந்தது, அதனால் பயமில்லை. கலங்கலாக வந்தால் கரைக்குள் மண் அரிக்கிறது என்று அர்த்தம், உடனே மட்டத்தைக் குறைத்துவிட வேண்டும், கீழே வீடோ வழியோ இருந்தால் யோசிக்கவே கூடாது.

"இன்னும் பாதி இருக்கே" என்றார் அவர். ஆழத்தில் பாதிதான். சுவர் ஒன்றுக்கு ஒன்று சரிவில் இறங்குவதால் மேலே 30 அடி, அடியில் 18 அடிதான். முழுக் குட்டை ஒரு லட்சம் லிட்டர் என்றால், பாதி ஆழத்தில் இருப்பது 37,000 லிட்டர் சொச்சம். அடியில் அரையடி சேறு, மோட்டார் அதை எடுக்காது, மிஞ்சுவது 33,000. அரை ஏக்கருக்கு ஒரு அங்குலத் தண்ணீர் கொடுக்க 51,000 லிட்டர் வேண்டும். முப்பது சென்ட் சொச்சத்துக்கு மட்டும் பாய்ச்சினார், மீதி நிலத்தில் பூ உதிர்ந்தது.

அந்தக் கோடையில் கரையைப் பிரித்தோம். உள்ளே வேர், கல், காய்ந்த புல்லோடு தூக்கிப்போட்ட மண், யாரும் மிதிக்கவே இல்லை. வெட்டிய கூலி போக இன்னொரு கூலி என்று அவருக்குக் கோபம்தான். கரை உட்காரும் இடத்தில் மேல்மண்ணை வழித்து, நீளவாக்கில் ஒன்றரை அடிப் பள்ளம் எடுத்து, களிமண்ணை அரையடி அரையடியாகப் போட்டு ஒவ்வொரு அடுக்கையும் ஈரத்தோடு இடித்துக்கொண்டே வந்தோம். ஈரம் எவ்வளவு என்றால், கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலில் பிசுபிசுவென ஒட்டக் கூடாது. மிகைநீர் போகும் வாயையும் கொட்டிய மண்ணிலிருந்து மாற்றிப் பக்கவாட்டில் வெட்டாத தரையில் வைத்து, கல் பாவினோம்.

குட்டைக்குள் பிளாஸ்டிக் தாள் விரிக்கலாமே என்று கேட்பீர்கள். விரிக்கலாம், ஆனால் மழைக்காலத்தில் ஊற்று எடுக்கும் இடமென்றால் அடியிலிருந்து வரும் நீர் தாளையே தூக்கிவிடும், அப்புறம் ராத்திரியில் இறங்கும் காட்டுமாட்டின் குளம்புக்கு எந்தத் தாளும் தாங்காது. அதனால்தான் நாங்கள் களிமண்ணுக்குப் போனோம்.

அடுத்த டிசம்பரில் இறக்கம் நாளுக்கு அரை அங்குலம். நாற்பது நாளில் 20 அங்குலம் போனாலும் 62,000 லிட்டர் நின்றது. அதை வாய்க்காலில் விட்டிருந்தால் ஒரு தடவைக்குத்தான் வந்திருக்கும், ஹோஸ் பிடித்துத் தூரில் மட்டும் ஊற்றியதால் பூவில் ஒரு தடவை, பிஞ்சில் ஒரு தடவை என்று அரை ஏக்கருக்கும் வந்தது.