கைப்பேசி விளையாட்டில் ஆட்டக்காரரின் ஒப்புதல்: மலேசியச் சட்டம் கேட்பது என்ன?

மலேசியாவில் 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கும் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்திற்காக ஒருவருடைய தரவைக் கையாள்பவர் அவருடைய ஒப்புதலை முதலில் பெற்றிருக்க வேண்டும் என்று விதிக்கிறது. இது வங்கிகளுக்கும் காப்புறுதி நிறுவனங்களுக்கும் உரிய சட்டம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆனால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து உருவாக்கும் கைப்பேசி விளையாட்டும் இதன் வரம்பிற்குள் வரக்கூடியதே. விளையாட்டை இலவசமாகத் தருவது விலக்கு ஆகாது. இடையிடையே விளம்பரம் காட்டினாலும் கூடுதல் ‘உயிர்’களை விற்றாலும் அது வணிகம்தான்.

ஜார்ஜ்டவுனில் ஒரு சிறு குழு, தமிழ்ச் சொற்புதிர் விளையாட்டு ஒன்றை வெளியிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அறுபது கட்டங்கள் கொண்ட அந்த விளையாட்டில், ஆட்டக்காரர்கள் எந்தக் கட்டத்தில் சலித்து விலகுகிறார்கள் என்பதை அறிய அக்குழு கூகுளின் ஃபயர்பேஸ் பகுப்பாய்வுக் கருவியைச் சேர்க்கிறது. வருமானத்திற்கு விளம்பரக் கருவி ஒன்றையும் சேர்க்கிறது. மலேசியாவில் சிறு விளையாட்டு ஒன்று பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. சட்டச் சிக்கலும் இந்த இரண்டு கருவிகளிலிருந்தே தொடங்குகிறது.

எல்லாத் தரவுக்கும் தனி ஒப்புதல் தேவையில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். சட்டத்தின் 6ஆம் பிரிவு, ஒப்பந்தத்தை நிறைவேற்றத் தேவைப்படும் தரவுக்கு விலக்கு அளிக்கிறது. ஆட்டக்காரர் தாமே கேட்டுக்கொண்டபடி அவருடைய முன்னேற்றத்தைக் கணக்கில் சேமிப்பதும், வாங்கிய பொருளுக்குரிய பற்றுச்சீட்டை வைத்திருப்பதும் அவ்வகையைச் சேர்ந்தவை. அவர் எந்தப் பொத்தானை எத்தனை முறை தொட்டார் என்று எண்ணுவது அவ்வகையில் சேராது. அது உருவாக்குபவருக்குப் பயன்படும் தகவல். அது இல்லாமலும் விளையாட்டு நடக்கும். பெயரோ மின்னஞ்சலோ இல்லாத வெறும் சாதன எண் ‘தனிநபர் தரவு’ ஆகுமா என்ற கேள்வி இங்கே எழும். நேரடியாக மட்டுமின்றி, கையாள்பவரிடம் உள்ள வேறு தகவலோடு சேர்த்துப் பார்த்து ஒருவரை அடையாளம் காண முடிந்தாலும் அது தனிநபர் தரவே என்று சட்டம் வரையறுக்கிறது. மின்னஞ்சல் வழி உள்நுழையும் வசதி அந்த விளையாட்டில் இருந்தால், சாதன எண்ணும் மின்னஞ்சலும் ஒரே இடத்தில் சேர்ந்துவிடும். ஆகவே அதைத் தனிநபர் தரவாகவே நடத்துவதுதான் பாதுகாப்பானது என்பது என் கருத்து.

பலர் குழம்புவது ஆப்பிள் காட்டும் கேள்வியில்தான். 2021 ஏப்ரலில் வந்த ஐஓஎஸ் 14.5 முதல், ஒரு செயலி தன்னுடைய பயனரைப் பிற நிறுவனங்களின் செயலிகளிலும் இணையத்தளங்களிலும் பின்தொடர விரும்பினால், கைப்பேசியே ஒரு பெட்டியைத் திறந்து அனுமதி கேட்கிறது. ‘கேட்டுவிட்டோம், ஒப்புதல் கிடைத்துவிட்டது’ என்று பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். அந்தப் பெட்டி கேட்பது, விளம்பர நோக்கத்திற்காகப் பல நிறுவனங்களின் தரவை ஒன்றோடொன்று இணைப்பதற்கான அனுமதியை மட்டுமே. ஆட்டக்காரர் அங்கே மறுத்தால், விளம்பர அடையாள எண் வெறும் சுழியங்களாகவே செயலிக்குக் கிடைக்கும். ஆயினும் ஃபயர்பேஸ் தானே உருவாக்கிக்கொண்ட நிறுவல் எண்ணோடு ஆட்ட நிகழ்வுகள் தொடர்ந்து சேவையகத்திற்குப் போய்க்கொண்டுதான் இருக்கும். அவர் அங்கே அனுமதித்தாலும், பகுப்பாய்வுக்கு அவர் ஒப்பியதாக ஆகாது. ஏனெனில் அதைப் பற்றி அவரிடம் யாரும் கேட்கவே இல்லை. எனவே மலேசியச் சட்டத்திற்குரிய கேள்வியை விளையாட்டுதான் தன் திரையில் தனியாகக் கேட்க வேண்டும். ஆண்ட்ராய்டில் இந்த ஆப்பிள் பெட்டிக்கு நிகரான ஒன்று இல்லை என்பதால், அங்கே இந்தத் திரை இல்லாவிட்டால் கேள்வியே இல்லை.

அடுத்தது, கேள்வி எப்போது கேட்கப்படுகிறது என்பது. ஃபயர்பேஸ் கருவியைச் சேர்த்து வேறெதையும் மாற்றாமல் விட்டால், செயலி முதன்முதலாகத் திறக்கப்படும்போதே `first_open`, `session_start` ஆகிய நிகழ்வுகளை அது தானாகப் பதிவு செய்துவிடும். ஒப்புதல் திரையை எவ்வளவு அழகாக வடிவமைத்திருந்தாலும், ஆட்டக்காரர் அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே தரவு புறப்பட்டிருக்கும். ஆகவே சேகரிப்பு தொடக்கத்தில் நின்ற நிலையில் இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் அதற்காகச் செயலியின் `AndroidManifest.xml` கோப்பில் சேர்க்க வேண்டிய வரிகள் இவை. முதலிரண்டும் `application` பகுதிக்கு உள்ளேயும் மூன்றாவது அதற்கு வெளியேயும் இடம்பெற வேண்டும்.

```xml
<meta-data android:name="firebase_analytics_collection_enabled"
           android:value="false" />
<meta-data android:name="google_analytics_adid_collection_enabled"
           android:value="false" />
<uses-permission android:name="com.google.android.gms.permission.AD_ID"
                 tools:node="remove" />
```

மூன்றாவது வரி விளம்பர எண்ணைப் படிக்கும் அனுமதியையே நீக்கிவிடுகிறது. தனிப்பயன் விளம்பரம் வேண்டும் என்று நினைக்கும் குழு அந்த வரியைச் சேர்க்க முடியாது. எந்த விளம்பரம் யாருக்கு என்று தேடிக் காட்டும் பேராசை இல்லாத விளையாட்டுக்கே அது ஏற்றது. ஆட்டக்காரர் ஒப்பிய பிறகு மட்டும் `setAnalyticsCollectionEnabled(true)` என்று அழைத்தால் போதும். செயலி பழுதடைந்து நின்றால் அறிக்கை அனுப்பும் கருவிக்கும் விளம்பரக் கருவிக்கும் தனித்தனி அடைப்புகள் உண்டு. ஒன்றை அடைத்துவிட்டு மற்றவை தாமாக நிற்கும் என்று இருந்துவிடக் கூடாது.

இதைச் சரிபார்க்கக் குறியீட்டைப் படிப்பதை நம்புவதைவிட, போக்குவரத்தைப் பார்ப்பது நல்லது. செயலியை முழுவதுமாக நீக்கி, மீண்டும் நிறுவி, ஒப்புதல் திரையில் எந்தப் பொத்தானையும் தொடாமல் சில நிமிடங்கள் விட்டு, கைப்பேசியின் இணையப் போக்குவரத்தை ஒரு கணினி வழியாகத் திருப்பிக் கவனிக்க வேண்டும். `app-measurement.com` என்ற முகவரிக்கு எதுவும் போகக் கூடாது. போனால், பெரும்பாலும் வேறொரு கருவியோ பழைய அமைப்போ சேகரிப்பை எங்கோ திறந்துவிட்டிருக்கிறது என்று பொருள். ஒருமுறை `true` என்று வைத்தால் அது கைப்பேசியில் நிலைத்துவிடும் என்பதால், ஏற்கெனவே சோதித்த கைப்பேசியில் நீக்காமல் பார்ப்பது தவறான விடையைத் தரும்.

திரையில் என்ன எழுத வேண்டும் என்பதற்கு 7ஆம் பிரிவு வழிகாட்டுகிறது. என்ன தரவு, எதற்காக, எந்த வகையான மூன்றாம் தரப்புக்குப் போகிறது, தருவது கட்டாயமா விருப்பமா, தராவிட்டால் என்ன ஆகும், பார்க்கவும் திருத்தவும் உள்ள உரிமை ஆகியவை அந்த அறிவிப்பில் இருக்க வேண்டும். அது தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் கட்டாயம் இருக்க வேண்டும். தமிழ் விளையாட்டு என்பதால் தமிழில் மட்டும் எழுதி விடுவது சட்டப்படி போதாது. இரண்டோடு மூன்றாவதாகத் தமிழையும் சேர்ப்பதே ஆட்டக்காரருக்குச் செய்யும் நியாயம். தமிழ்ப் பகுதி இப்படி இருக்கலாம்: “நீங்கள் எந்தக் கட்டத்தை முடித்தீர்கள், எதில் நிறுத்தினீர்கள் என்பதை, விளையாட்டைச் சீராக்க எங்களுக்கு அனுப்பலாமா? இத்தகவல் வெளிநாட்டில் உள்ள பகுப்பாய்வு நிறுவனத்தின் சேவையகத்தில் சேமிக்கப்படும். அனுப்பாவிட்டாலும் விளையாட்டு முழுவதும் அப்படியே இருக்கும். அமைப்புகளில் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.” முழு விவரத்திற்கு ஓர் இணைப்பும், அதன் கீழே ‘அனுப்பலாம்’, ‘வேண்டாம்’ என்று ஒரே அளவில் இரண்டு பொத்தான்களும் வர வேண்டும். 2013ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி, ஒப்புதல் பதிவு செய்து வைக்கத்தக்க வடிவில் இருக்க வேண்டும். வேறொன்றோடு சேர்த்துக் கேட்கப்பட்டால் அது தோற்றத்தில் வேறுபட்டுத் தெரிய வேண்டும். பயன்பாட்டு விதிகளுக்கான ஒரே ‘ஏற்கிறேன்’ பொத்தானுக்குள் இதையும் திணிப்பது அதனால் செல்லாது. எந்த நாளில், அறிவிப்பின் எந்தப் பதிப்புக்கு, என்ன விடை என்ற மூன்றையும் பதிவு செய்தால் போதும். ஒப்புதலுக்கு ஆதாரம் சேர்க்கப்போய்ப் புதிய தரவுக் குவியலை உண்டாக்கிவிடுவோரும் உண்டு.

பதினெட்டு வயதுக்குக் குறைந்தவரின் ஒப்புதலைப் பெற்றோரிடமோ பாதுகாவலரிடமோதான் பெற வேண்டும் என்று அதே ஒழுங்குவிதிகள் கூறுகின்றன. தமிழ்ப்பள்ளி மாணவர்களும் விளையாடக்கூடிய சொற்புதிருக்கு இது ஓரத்து விதி அல்ல. பெற்றோர்தான் பொத்தானை அழுத்தினார் என்று உறுதிசெய்யப் புகுந்தால், அவருடைய மின்னஞ்சல், அடையாள விவரம் என்று இன்னும் அதிகத் தரவு கேட்க நேரும். ஆகவே சிறு குழுவுக்கு நான் பரிந்துரைப்பது, பிறந்த ஆண்டைக் கேட்டு, பதினெட்டுக்குக் கீழ் என்றால் ஒப்புதல் திரையையே காட்டாமல், பகுப்பாய்வையும் தனிப்பயன் விளம்பரத்தையும் அடைத்தே வைப்பதாகும். பிறந்த ஆண்டைச் சேமிக்காமல், ‘மேல்’ அல்லது ‘கீழ்’ என்ற முடிவை மட்டும் கைப்பேசியிலேயே வைத்துக்கொள்ளலாம்.

ஒப்புதல் கிடைத்துவிட்டது என்பதற்காக எல்லாவற்றையும் சேகரிக்கவும் முடியாது. தரவு நோக்கத்திற்குப் போதுமானதாக இருக்க வேண்டும், மிகையாகக் கூடாது என்று 6ஆம் பிரிவே சொல்கிறது. நம்முடைய குழுவின் கேள்வி, எந்தக் கட்டத்தில் விலகுகிறார்கள் என்பது ஒன்றே. அதற்கு `level_end` என்ற ஒரு நிகழ்வும், அதனுடன் கட்டத்தின் எண்ணும், வெற்றியா தோல்வியா என்பதும் போதும். ஆட்டக்காரர் தட்டச்சு செய்த விடைகளையோ அவருடைய மின்னஞ்சலையோ நிகழ்வோடு அனுப்பக் காரணமே இல்லை. கூகுள் பகுப்பாய்வில் பயனர் தரவைத் தக்கவைக்கும் காலத்தை 2 மாதம் அல்லது 14 மாதம் என்று வைக்கலாம்; மாதம் ஒருமுறை கட்டங்களைச் சீராக்கும் குழுவுக்கு 2 மாதமே தாராளம். ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்: ஒப்பியவர்களின் தரவு மட்டுமே கிடைப்பதால் அது எல்லா ஆட்டக்காரரின் படமும் ஆகாது, சிறுவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பது அதில் தெரியவே தெரியாது. அதை அறிய, பெற்றோர் சம்மதத்துடன் சில பிள்ளைகளை நேரில் விளையாட வைத்துப் பார்ப்பதுதான் வழி.

ஆட்டக்காரர் பிறகு மனம் மாறினால், 38ஆம் பிரிவின்படி எழுத்து வழியாக ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். அதன்பின் கையாள்வதை நிறுத்த வேண்டும். அமைப்புகளில் உள்ள பொத்தான் இதற்கு எளிய வழி. இங்கே செய்முறை வரிசை முக்கியமானது. `resetAnalyticsData()` கைப்பேசியில் உள்ளதை அழித்து நிறுவல் எண்ணையும் மாற்றிவிடும், ஆனால் சேவையகத்தில் ஏற்கெனவே சேர்ந்ததைத் தொடாது. அங்கே உள்ளதை அழிக்கக் கோர அந்தப் பழைய எண்ணே தேவை. ஆகவே முதலில் `getAppInstanceId()` மூலம் எண்ணைப் பெற்று அழிப்புக் கோரிக்கையை அனுப்பிவிட்டு, பிறகு சேகரிப்பை நிறுத்தி, கடைசியாக எண்ணை மாற்ற வேண்டும். வரிசை புரண்டால், யாருடைய தரவு என்று எவராலும் காட்ட முடியாத பதிவுகள் அங்கேயே தங்கிவிடும்.

தன்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று ஆட்டக்காரர் எழுதிக் கேட்டால், 21 நாளுக்குள் பதில் தர வேண்டும். பதில் வராவிட்டாலோ, மறுத்த பிறகும் தரவு போய்க்கொண்டிருந்தாலோ, இலக்கவியல் அமைச்சின் கீழ் இயங்கும் தனிநபர் தரவுப் பாதுகாப்புத் துறையின் ஆணையரிடம் எழுத்து வழியாகப் புகார் அளிக்கலாம். சட்டத்தின் கோட்பாடுகளை மீறுவதற்கான உச்சத் தண்டனை, 2024ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் பத்து லட்சம் ரிங்கிட் அபராதம் அல்லது மூன்றாண்டுச் சிறை அல்லது இரண்டும் ஆகும். 2025 ஜூன் முதல், 20,000 பேருக்கு மேற்பட்டோரின் தனிநபர் தரவைக் கையாள்பவர் தரவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும் என்ற கடமையும் வந்திருக்கிறது. பதிவிறக்கம் நன்றாக ஏறும் விளையாட்டு அந்த எண்ணைத் தொடுவது அரிதல்ல.