ஃபாஸ்டேக்கில் இரண்டு முறை பணம் போனால்: சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு

கார் தஞ்சாவூரில், அதன் ஃபாஸ்டேக்கோடு இணைந்த கைப்பேசி எண் சிங்கப்பூரில். நம்மில் பலரின் நிலை இதுதான். டோல்கேட்டைத் தாண்டுவது ஊரிலிருக்கும் தம்பி, எஸ்எம்எஸ் வருவது நமக்கு. புகார் கொடுக்கும் முன் அது உண்மையிலேயே தவறான பிடித்தம்தானா என்று பார்த்துவிடுங்கள்.

தம்பி உங்களைத் திருச்சி விமான நிலையத்தில் இறக்கிவிட்டுத் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். வழியில் வாழவந்தான்கோட்டை சுங்கச்சாவடி. போகும்போது 60 ரூபாய் என்றால், 24 மணி நேரத்துக்குள் திரும்பும்போது 30 ரூபாய்தான் பிடிக்க வேண்டும். போக வர மொத்தக் கட்டணம் ஒரு வழிக் கட்டணத்தைப்போல் ஒன்றரை மடங்கு. ஆகவே 60, 30 என இரண்டு எஸ்எம்எஸ் வந்தால் கணக்கு சரி. இரண்டுமே 60 என்றால் சலுகை விடுபட்டிருக்கிறது, அந்த 30 ரூபாயைக் கேட்கலாம்.

எஸ்எம்எஸ் வந்த நேரத்தை நம்பாதீர்கள். அது பல மணி நேரம் தாமதமாகவும் வரும். போதாததற்கு நம் கைப்பேசி இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. டேக் வழங்கிய வங்கியின் செயலியிலோ இணையத்தளத்திலோ கணக்கு விவரத்தை எடுத்து, சாவடியில் டேக் படிக்கப்பட்ட நேரத்தைப் பாருங்கள். சில நிமிட இடைவெளியில் ஒரே சாவடியில் இரண்டு பிடித்தம் இருந்தால் அது இரட்டைப் பிடித்தம்தான்.

இன்னொரு வகையும் உண்டு. ரீடர் டேக்கைப் படிக்கவில்லை என்று ஊழியர் ரொக்கமோ யுபிஐயோ வாங்கிவிடுவார், பிறகு டேக்கிலும் பணம் போய்விடும். டேக் செல்லுபடியாகி, போதிய இருப்பும் இருந்து, கோளாறு சாவடிக் கருவியில் இருந்தால், கட்டணமே வாங்காமல் பூஜ்ய ரசீது கொடுத்து வண்டியை விட வேண்டும் என்பது 2018ஆம் ஆண்டு விதி. தம்பியிடம் இதைச் சொல்லிவையுங்கள். பணம் கட்டியே ஆக வேண்டியதாகிவிட்டால், ரசீதைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பட்டும்.

புகார் போக வேண்டிய இடம் டேக் கொடுத்த வங்கி. சாவடி ஊழியரிடம் வாதாடிப் பயனில்லை. வண்டி எண், பரிவர்த்தனை எண், சாவடியின் பெயர், டேக் படிக்கப்பட்ட இந்திய நேரம், திரும்பக் கேட்கும் தொகை ஆகியவற்றை எழுதுங்கள். வங்கி அதை, வங்கிகளுக்கு இடையிலான பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்பிசிஐ வழியாகச் சாவடியின் வங்கிக்கு அனுப்பும். வண்டி கடந்ததற்கான பதிவை அவர்கள் காட்ட வேண்டும். பணம் டேக் கணக்குக்கே திரும்பும் என்பதால், புகார் முடியும்வரை டேக்கை மூடவோ வங்கியை மாற்றவோ வேண்டாம்.

கார் வீட்டிலேயே நின்றிருக்கப் பணம் போயிருந்தால், பெரும்பாலும் ஊழியர் கையால் வண்டி எண்ணைத் தட்டும்போது நடந்த பிழை. இதற்கு falsededuction@ihmcl.com என்ற முகவரிக்கும் எழுதுங்கள். நெடுஞ்சாலை உதவி எண் 1033ஐ ஊரில் இருப்பவரே அழைக்கட்டும். வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடி எடுக்காதீர்கள், போலிகள் நிறைய. வங்கியின் சொந்தத் தளத்தில் உள்ளதை மட்டும் பயன்படுத்துங்கள். ஓடிபி கேட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.