எறியம்: வலை வரைபடத்தில் பரப்பு ஏன் வீங்குகிறது?

இணையத்தில் வரும் உலக வலை வரைபடத்தைத் திரையில் திறந்தால் கிரீன்லாந்து ஏறக்குறைய ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப் போல 14 மடங்கு பெரியது. படத்தை வரைந்தவர்கள் தவறு செய்துவிடவில்லை. உருண்டையைத் தட்டையாக்க அவர்கள் தேர்ந்தெடுத்த முறையின் விளைவு அது. அந்த முறைக்குத்தான் ப்ரொஜெக்ஷன் என்று பெயர்.

இந்தச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'ப்ரோ' என்றால் முன்னே, 'யாகெரே' என்றால் எறிதல். முன்னே எறிவது, அவ்வளவுதான். இலங்கைத் தமிழில் வழங்கும் 'எறியம்', 'படவெறியம்' ஆகியவை இந்தப் பொருளை அப்படியே எடுத்துக்கொண்ட சொற்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'கோட்டுச்சட்டம்' என்று படித்திருப்பீர்கள். அச்சக்கோடுகளும் தீர்க்கக்கோடுகளும் தாளில் எப்படிச் சட்டமிட்டு நிற்கின்றன என்பதை அது சொல்கிறது. கணிதத்தில் நிழல் விழுவதை நினைத்து 'வீழல்' என்பார்கள். எனக்கு 'எறியம்' பிடிக்கும். சின்னச் சொல், 'சமபரப்பு எறியம்' என்று ஒட்டினாலும் நாக்கில் இடறாது.

ஆனால் அதில் ஒரு சிக்கலும் உண்டு. எறியம் என்றதும், கண்ணாடி உருண்டைக்குள் விளக்கை வைத்து, சுற்றிச் சுருட்டிய காகிதத்தில் நிழலை எறிவது போல ஒரு காட்சி மனத்தில் வரும். வலை வரைபடங்கள் பயன்படுத்தும் மெர்கேட்டர் எறியம் அப்படிப் பிறந்ததல்ல. விளக்கை நடுவில் வைத்து உண்மையாகவே நிழல் எறிந்தால், 60 பாகை அச்சக்கோட்டில் வடக்குத் தெற்கு நீட்சி 4 மடங்கு ஆகிவிடும். மெர்கேட்டரில் அது 2 மடங்குதான். இங்கே எறிவது விளக்கல்ல, சூத்திரம்.

1569இல் கெரார்டஸ் மெர்கேட்டர் இந்தப் படத்தை வெளியிட்டது மாலுமிகளுக்காக. திசைகாட்டியில் ஒரே கோணத்தைப் பிடித்துக்கொண்டு போகும் கப்பலின் பாதை, படத்தில் நேர்கோடாக விழ வேண்டும் என்பது அவருடைய தேவை. தீர்க்கக்கோடுகள் உருண்டையில் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போகும். அவற்றைப் படத்தில் இணைகோடுகளாக நிறுத்தினால் கிழக்கு மேற்காக இழுத்துவிட்டோம் என்று பொருள். 60 பாகையில் இரண்டு தீர்க்கக்கோடுகளுக்கு இடையிலான தூரம் நிலநடுக்கோட்டில் இருப்பதில் பாதிதான். ஆகவே இழுப்பு சரியாக 2 மடங்கு. கோணம் கெடாமல் இருக்க வடக்குத் தெற்காகவும் அதே 2 மடங்கு இழுத்தாக வேண்டும். இரண்டும் சேர்ந்தால் பரப்பு 4 மடங்கு.

இதைப் பொதுவாக எழுதினால் ஒரு வரி:

```
பரப்பு வீக்கம் = 1 / cos²(அச்சப்பாகை)
```

45 பாகையில் 2, 70இல் சுமார் 8.5, 80இல் 33. துருவத்தில் முடிவிலி. அதனால்தான் வலை வரைபடம் 85.05 பாகையோடு நின்றுவிடுகிறது. அந்த இடத்தில் வெட்டினால் உலகம் ஒரு சதுரத்துக்குள் அடங்கும். சதுரத்தை நான்காக, அந்த நான்கை மீண்டும் நான்காகப் பிரித்துக்கொண்டே போகலாம். பெரிதாக்கிப் பார்க்கும்போது துண்டு துண்டாகப் படம் வந்து சேர்வது இந்த ஏற்பாட்டால்தான். அதோடு எந்த ஊரைப் பெரிதாக்கினாலும் தெருமுனை செங்கோணம் செங்கோணமாகவே தெரியும். வழி தேடுகிறவருக்கு இது வசதி. பரப்பு அளக்கிறவருக்கு இதுதான் பொறி.

பொறி எப்படிப் பிடிக்கிறது என்பதை ஒரு கட்டத்தில் பார்ப்போம். 60 முதல் 61 பாகை வரை வட அச்சம், ஒரு பாகை தீர்க்கம் அகலம். தரையில் இதன் பரப்பு சுமார் 6,120 சதுர கி.மீ. வலை வரைபடத்தின் ஆயத்தொலை முறையான EPSG:3857இல் இதே கட்டத்தை வைத்துப் பரப்பைக் கேட்டால் சுமார் 25,170 சதுர கி.மீ. வரும். மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராது. அலகு மீட்டர் என்றே எழுதியிருக்கும், நாமும் நம்பிவிடுவோம். ஆனால் அது நிலநடுக்கோட்டில் மட்டுமே உண்மையான மீட்டர். அச்சத்தையும் தீர்க்கத்தையும் பாகையிலேயே வைக்கும் EPSG:4326இல் கேட்டால் பாகையைப் பாகையால் பெருக்கி 1 என்று வரும். அபத்தம் என்று பார்த்ததும் தெரிந்துவிடுவதால் அது அவ்வளவு ஆபத்தில்லை.

வலை வரைபடத்தில் இருக்கும் அளக்கும் கருவியும் இப்படித்தான் ஏமாற்றுமா? பெரும்பாலும் இல்லை. அது படத்தைப் பார்க்காமல் உருண்டையின் மேல் கணக்கிடும். தவறு நடப்பது, படத்துக்கு அழகாகப் பொருந்துகிறதே என்று தரவையே 3857க்கு மாற்றிவைத்து, அப்புறம் அதிலேயே பரப்பும் கேட்கும்போது.

சரி, பரப்புக்கு எந்த எறியம்? இங்கேதான் 'சமபரப்பு' என்ற அடைமொழி வேலை செய்கிறது. சமபரப்பு எறியமும் இழுக்கத்தான் செய்யும். ஒரு பக்கம் இழுத்ததை மறுபக்கம் அழுத்தி ஈடுகட்டும். உலகம் முழுவதற்குமான EPSG:6933ஐ எடுத்துக்கொண்டால், 60 பாகையில் கிழக்கு மேற்காக சுமார் 1.73 மடங்கு நீளும், வடக்குத் தெற்காக சுமார் 0.58 மடங்கு சுருங்கும். இரண்டையும் பெருக்கினால் 1. நாடு நசுங்கித் தெரியும், பரப்பு சரியாக இருக்கும். வடிவம், பரப்பு இரண்டையும் எல்லா இடத்திலும் ஒருசேரக் காப்பாற்றும் தட்டைப் படம் சாத்தியமே இல்லை. எனவே பார்க்க ஒன்று, அளக்க ஒன்று என்று வைத்துக்கொள்வதில் தவறில்லை.

கண்டம் அளவுக்குள் வேலை என்றால் லாம்பர்ட் 1772இல் தந்த திசைவில் சமபரப்பு எறியத்தை உங்கள் பகுதியின் நடுவில் மையம் வைத்து அமைக்கலாம். நசுங்கல் குறையும். ஐரோப்பாவுக்கு EPSG:3035 அப்படி அமைந்ததுதான். கிழக்கு மேற்காக அகன்ற நிலத்துக்கு 1805இல் வந்த ஆல்பர்ஸ் கூம்பு எறியம் பொருந்தும். ஒரு வயல், ஓர் ஏரி என்றால் உலகைக் குறுகிய மண்டலங்களாகப் பிரித்து வரையும் யூ.டி.எம். எறியம் போதும். அது சமபரப்பு அல்ல, ஆனால் மண்டலத்தின் நடுக்கோட்டில் பிழை 0.08 சதவீதம்தான்.

எறியமே வேண்டாம் என்றும் இருக்கலாம். இடத்தரவைக் கையாளும் போஸ்ட்ஜிஸ் தரவுத்தளத்தில் `geography` என்று மாற்றிக் கேட்டால் நேராகப் புவியின் நீள்கோளத்தின் மேலேயே பரப்பு கிடைக்கும். `geom` 4326இல் இருந்தால், மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்:

```sql
SELECT ST_Area(ST_Transform(geom, 3857)),
       ST_Area(ST_Transform(geom, 6933)),
       ST_Area(geom::geography)
FROM parcels;
```

கடைசி இரண்டும் ஒட்டிப்போக வேண்டும். விலகினால் முதலில் பக்கங்களின் நீளத்தைப் பாருங்கள். நூற்றுக்கணக்கான கி.மீ. தள்ளியிருக்கும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே படத்தில் போகும் நேர்கோடும், உருண்டையில் போகும் குறுகிய பாதையும் ஒன்றல்ல. `ST_Segmentize(geom::geography, 10000)` கொண்டு நடுவில் புள்ளிகள் சேர்த்துவிட்டு, அதை `::geometry` ஆக்கி, பிறகு எறியம் மாற்றினால் இந்த விலகல் போய்விடும்.

யாரோ அனுப்பிய பழைய அட்டவணையில் பரப்பு மட்டும் இருக்கிறது, எந்த எறியத்தில் அளந்தது என்று தெரியவில்லை என்றால், அந்த இடங்களில் ஒன்றிரண்டை நீங்களே அளந்து அட்டவணை எண்ணை உங்கள் எண்ணால் வகுத்துப் பாருங்கள். ஈவு அந்த அச்சப்பாகையின் 1/cos²ஐ ஒட்டி இருந்தால் மெர்கேட்டரில் அளந்துவிட்டார்கள் என்று பொருள். மேலே பார்த்த கட்டத்தில் ஈவு 4.11, சூத்திரம் தருவது 4.12. சூத்திரம் பூமியை முழு உருண்டையாக எண்ணுவதால் வரும் சிறு வித்தியாசம் அது. சிறிய நிலங்களாக இருந்தால் திரும்ப அளக்கக்கூட வேண்டாம், அட்டவணை எண்ணை cos²ஆல் பெருக்கினாலே ஒரு சதவீதப் பிழைக்குள் சரியாகிவிடும்.