பிழைச் செய்தி வராமலே தப்பாகும் ஸ்டாக்: ஈஆர்பியும் ஆன்லைன் கடையும்

ஈஆர்பியையும் ஆன்லைன் கடையையும் ஏபிஐ வழியாக இணைத்தாகிவிட்டது. லாகைத் திறந்தால் எல்லா அழைப்புக்கும் 200 என்றே பதில் வந்திருக்கிறது. ஆனாலும் கையில் 10 இருந்த பொருளுக்கு 11 ஆர்டர் விழுகிறது. இணைப்பு அறுந்ததால் இது நடப்பதில்லை. இணைப்பு சொன்னதைச் சொன்னபடி செய்ததால்தான் நடக்கிறது.

ஓர் உதாரணம். ஆர்டர்களை ஈஆர்பிக்குக் கொண்டுவரும் வேலை 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடுகிறது. ஸ்டாக்கைக் கடைக்கு அனுப்பும் வேலை 5 நிமிடத்துக்கு ஒருமுறை. 10:00 மணிக்கு இரண்டு பக்கமும் 10. 10:02-க்கு ஒருவர் 3 வாங்குகிறார், கடை 7 என்று காட்டுகிறது. அந்த ஆர்டர் ஈஆர்பிக்கு 10:10-க்குத்தான் போய்ச் சேரும். அதற்குள் 10:05-க்கு ஸ்டாக் வேலை ஓடி, ஈஆர்பியில் இருக்கும் 10-ஐ எடுத்து, கடையின் 7-ஐ அழித்து 10 என்று எழுதிவிடுகிறது. 10:07-க்கு இன்னொருவர் 8 வாங்குகிறார். கடை அனுமதிக்கிறது. 10:10-க்கு இரண்டு ஆர்டரும் ஈஆர்பிக்குள் நுழையும்போது 10 பொருளுக்கு 11 ஒதுக்கீடு, மீதி −1.

இரண்டு வேலைகளையும் 1 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும்படி மாற்றினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஓட்டை சுருங்கும், அடைபடாது. விற்பனை அதிகமாக நடக்கும் நாளில் அந்த ஒரு நிமிடமே போதும்.

முழு எண்ணை அனுப்புவதை விட்டு, "3 குறை" என்று வித்தியாசத்தை மட்டும் அனுப்பலாமே என்பது அடுத்து வரும் யோசனை. இதில் இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன. விற்ற கணத்திலேயே கடை தன் கணக்கில் 3 குறைத்துவிட்டது. ஈஆர்பியில் டெலிவரி போட்டதும் மறுபடி −3 போனால் இரட்டைக் கழிவு. இன்னொன்று, கோரிக்கை கடைக்குப் போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்தால், நிரல் டைம்அவுட் என்று நினைத்து அதையே மறுபடி அனுப்பும். அப்போதும் இரட்டைக் கழிவுதான். அதிகமாக விற்றுவிட்டால் வாடிக்கையாளர் கேள்வி கேட்பார். குறைத்துக் காட்டினால் கேட்க ஆளில்லை. சரக்கு கிடங்கில் கிடக்கும், கடையில் "ஸ்டாக் இல்லை" என்று மாதக்கணக்கில் தொங்கும். அதனால் இரண்டாவது தவறே அதிக நஷ்டம் என்று நாங்கள் சொல்வோம்.

முழு எண்ணையே அனுப்புங்கள். ஆனால் அனுப்பும் எண் சரியான எண்ணாக இருக்க வேண்டும்:

```
send_qty = on_hand - reserved - pending
```

`on_hand` கிடங்கில் உள்ளது. `reserved` ஈஆர்பி ஏற்கெனவே ஆர்டர்களுக்கு ஒதுக்கியது. ஒடூவில் இவை `stock.quant`-இன் `quantity`, `reserved_quantity`. ஈஆர்பிநெக்ஸ்டில் `Bin`-இன் `actual_qty`, `reserved_qty`. பெரும்பாலான இணைப்புகளில் விட்டுப்போவது `pending`தான். கடை தன் ஸ்டாக்கில் கழித்துவிட்ட, ஆனால் ஈஆர்பிக்குள் இன்னும் நுழையாத ஆர்டர்களின் அளவு அது. "கழித்துவிட்ட" என்பதைக் கவனியுங்கள். ஆர்டர் விழுந்ததும் கழிக்கும் கடைகளும் உண்டு, பணம் வந்த பிறகே கழிக்கும் கடைகளும் உண்டு. உங்கள் கடை எந்த நிலையில் கழிக்கிறதோ, அந்த நிலையைத் தாண்டிய ஆர்டர்களை மட்டும் `pending`-இல் சேர்க்க வேண்டும்.

மேலே சொன்ன உதாரணத்தில் 10:05-க்கு இந்தக் கணக்கைப் போட்டால் 10 − 0 − 3 = 7. கடையில் இருப்பதும் 7. சிக்கல் இல்லை.

இன்னும் ஓர் இடுக்கு மிச்சம் இருக்கிறது. கணக்குப் போட்டு முடித்து எழுதப் போகும் அந்த ஒரு விநாடிக்குள் யாராவது வாங்கிவிட்டால்? இதற்குத்தான் ஒப்பிட்டு எழுதும் வசதி. "கடையில் இப்போது 7 இருந்தால் மட்டும் இந்த எண்ணை எழுது, இல்லாவிட்டால் மறுத்துவிடு" என்று கேட்பது. ஷாப்பிஃபையின் `inventorySetQuantities` இதற்கு இடம் தருகிறது. அந்த ஒப்பீட்டைத் தவிர்க்கும் வழியையும் அதில் சிலர் எடுத்துக்கொள்கிறார்கள், வேண்டாம். மறுப்பு வந்தால் அது பிழை அல்ல. முதலிலிருந்து படித்து, மறுபடி கணக்குப் போட்டு அனுப்பினால் போதும்.

படிக்கும் வரிசை முக்கியம். முதலில் கடையின் ஸ்டாக், அடுத்து `pending`, கடைசியில் ஈஆர்பி. ஆர்டர்களை முதலில் படித்துவிட்டுக் கடையின் ஸ்டாக்கைப் பிறகு படித்தால், இடையில் விற்றது `pending`-இல் இருக்காது, ஒப்பிடும் எண்ணிலோ ஏற்கெனவே கழிந்திருக்கும். ஒப்பீடு தேறிவிடும், எழுதும் எண் தவறாக இருக்கும். அதேபோல ஈஆர்பியை `pending`-க்கு முன்னால் படித்தால், இடையில் ஈஆர்பிக்குள் நுழைந்த ஆர்டர் இரண்டு கணக்கிலும் விட்டுப்போகும். பின்னால் படித்தால் மிஞ்சிப்போனால் அது இருமுறை கழியும். கடை கொஞ்ச நேரம் குறைவாகக் காட்டும், அடுத்த சுற்றில் சரியாகிவிடும். இது மாதக்கணக்கில் தொங்காது என்பதால், தவறு நடந்தே தீருமென்றால் இந்தப் பக்கம் நடப்பதே மேல்.

உங்கள் கடையில் ஒப்பிட்டு எழுதும் வசதி இல்லையென்றால் (வூகாமர்ஸில் `stock_quantity` கொடுத்தால் பழைய எண்ணைப் பார்க்காமல் எழுதிவிடும்) எழுதுவதற்குச் சற்று முன் ஒருமுறை படித்துப் பாருங்கள், வேகமாக விற்கும் பொருட்களுக்கு ஒன்றிரண்டைக் கடையில் காட்டாமல் பிடித்துவையுங்கள். எல்லாப் பொருளுக்கும் 5 பிடித்துவைப்பது தீர்வல்ல. அது தவறை மறைக்கும், அவ்வளவுதான்.

ஆர்டர் பக்கம் ஒன்றே ஒன்று. வெப்ஹுக் ஒரே ஆர்டரை இரண்டு முறை அனுப்பக்கூடும், நீங்கள் பதில் தரத் தாமதித்தால் அதற்கு வாய்ப்பு இன்னும் அதிகம். "ஏற்கெனவே இருக்கிறதா" என்று நிரலில் பார்ப்பது மட்டும் போதாது, இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் இரண்டுமே "இல்லை" என்ற பதிலைப் பெறும். தரவுத்தளமே தடுக்க வேண்டும்:

```sql
CREATE UNIQUE INDEX ux_order
ON imported_orders (store_id, store_order_id);
```

வெப்ஹுக்கை வாங்கி வரிசையில் போட்டுவிட்டு உடனே 200 தாருங்கள். ஈஆர்பியில் பதிவு செய்யும் வேலை பின்னால் நடக்கட்டும். அந்த வரிசையில் மிகப் பழைய ஆர்டருக்கு எத்தனை நிமிட வயது என்பதைக் கண்காணியுங்கள். எத்தனை ஆர்டர் காத்திருக்கிறது என்பதைவிட இந்த எண்தான் முதலில் உண்மை சொல்லும்.

இத்தனைக்குப் பிறகும் தினமும் ஒருமுறை, விற்பனை குறைந்த நேரத்தில், ஒவ்வொரு எஸ்கேயூவுக்கும் கடை எண்ணையும் `send_qty`-யையும் ஒப்பிடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி ஒப்பிட்டு, இரண்டு தடவையும் நின்ற வித்தியாசத்தை மட்டும் எடுங்கள். அதைத் திருத்தும் முன் குறித்துவையுங்கள், வித்தியாசத்தின் அளவிலேயே காரணம் தெரியும். சமீபத்திய ஓர் ஆர்டரின் அளவும் வித்தியாசமும் ஒன்றாக இருந்தால் அந்த ஆர்டர் இருமுறை கழிந்திருக்கிறது, அல்லது நுழையவே இல்லை. கடை எண் சரியாக 12-இல் ஒரு பங்கு என்றால் ஈஆர்பி உதிரிக்கணக்கிலும் கடை பெட்டிக்கணக்கிலும் இருக்கிறது. பல நாளாகக் கடை எண் அசையவே இல்லையென்றால் எஸ்கேயூ பொருந்தவில்லை. கடைசியில் ஒட்டிக்கொண்ட ஓர் இடைவெளி எழுத்து போதும் அதற்கு. ஈஆர்பியில் மீதி மைனஸில் போன பொருட்களையும் இதே பட்டியலில் சேர்த்துவிடுங்கள். அவற்றின் ஆர்டர் நேரத்தையும் ஸ்டாக் எழுதிய நேரத்தையும் அருகருகே வைத்தால், 10:05 போன்ற ஒரு வரி கண்ணில் படும்.